நொய்டா போகுமுன் கொஞ்சம் இந்தி

வணக்கம் சார். அடுத்த மாதம் நொய்டாவில் வேலைக்குச் சேர்கிறேன். இந்தி சுத்தமாகத் தெரியாது. டூவோலிங்கோவில் தினமும் படிக்கிறேன். எழுத்துக்கூட்டி வாசிக்க வருகிறது, ஆனால் வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம் வருவதில்லை. வேறு ஆப்புக்கு மாறட்டுமா?
எஸ்., வேளச்சேரி

அன்புள்ள எஸ்.,

அந்த ஆப்பே போதும். அது இந்தியை ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தருகிறது, சிக்கல் அங்கேதான். 'ஐ வாண்ட் டீ' என்று திரையில் பார்த்ததும் மனது ஆங்கில வரிசையில் ஓடுகிறது, அப்புறம் வினையைக் கடைசிக்கு இழுத்துப் போடுவதற்குள் கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். அதையே 'எனக்கு டீ வேண்டும்' என்று நினைத்துக்கொண்டால் முஜே சாய் சாஹியே, ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. 'எனக்கு இந்தி வராது' என்றால் முஜே ஹிந்தி நஹீ ஆத்தீ. அவர்களுக்கும் மொழி 'வருகிறது' அல்லது 'வரவில்லை'. வீட்டில் என்பது கர் மே, 'இல்' போலவே 'மே' பின்னால்தான் ஒட்டுகிறது. அதனால் பாடத்தில் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு நோட்டில் முதலில் தமிழில் எழுதி, கீழே இந்தியைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, சத்தமாகச் சொல்லுங்கள். நாகரி எழுத்தில் வேகம் மெதுவாக வரட்டும், மெட்ரோ பலகைகளில் ஆங்கிலமும் இருக்கிறது.

வீடு பார்க்கும்போது புரோக்கர் வாடகையை 'சாடே பாரஹ் ஹஸார்' என்பார். சாடே என்றால் கூட ஒரு அரை, ஆக நம் பன்னிரண்டரை ஆயிரம், 12,500. ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் மட்டும் தனிச்சொல்: டேட் சௌ 150, டாயி சௌ 250. ஆட்டோவிலும் காய்கறிக் கடையிலும் இவை நாள் முழுக்கக் காதில் விழும், கிளம்புமுன் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

தமிழ் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு, உங்களுக்கு அது முக்கியம். 'நான் போகிறேன்' என்று ஆணும் பெண்ணும் நம்மிடம் ஒரே மாதிரி சொல்வார்கள். இந்தியில் ஆண் 'மை ஜா ரஹா ஹூ' என்பார், பெண்ணான நீங்கள் 'மை ஜா ரஹீ ஹூ' என்று சொல்ல வேண்டும். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழில் தட்டினால் பெரும்பாலும் ஆண் பேசுவது போலத்தான் வரும், ஆப்பிலும் சொற்களைத் தொட்டு அடுக்கும் பயிற்சியில் 'ரஹா', 'ரஹீ' தயாராகக் கண்முன் இருப்பதால் நாமாக யோசித்துப் பழகுவதில்லை. விடை சரி என்று பச்சை விழும், அலுவலகத்தில் பேசும்போது நாக்கு 'ரஹா'வுக்கே போகும். கேள்வி-பதில் அட்டை போட்டுப் படிக்கும் AnkiDroid ஆப் இலவசம்தான், 'ஹூ' என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'ரஹீ', 'காத்தீ', 'கர்த்தீ' என்று பெண் வடிவத்தில் மட்டும் அட்டையாகப் போட்டு, முன்பக்கம் தமிழை வைத்து, பின்பக்கம் திருப்புவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.