தொலைபேசிப் பேச்சை எழுத்தாக்கி வைத்தால் சட்டச் சிக்கல் வருமா?

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறேன். விலை பேசும் அழைப்புகளைப் பதிவு செய்து, எழுத்தாக மாற்றி வைக்கலாமா?

பதில்: நீங்களே பேசும் அழைப்பைப் பதிவு செய்வதைத் தனியாகத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனாலும் உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பின்படி தனியுரிமை அடிப்படை உரிமை. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதற்காகத் தரவு எடுக்கிறீர்கள் என்று சொல்லி ஒப்புதல் வாங்குவதையே அடிப்படையாக வைக்கிறது. எனவே தொடக்கத்திலேயே, "அண்ணாச்சி, விலைக் கணக்குக்காக இதைப் பதிவு செய்கிறேன், சரிதானே?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் 'சரி'யும் பதிவில் இருக்கட்டும்.

பலர் கோட்டை விடுவது, எழுத்து வந்ததும் ஒலியை அழித்துவிடுவதில்தான். நம்மூர்ப் பேச்சில் மலையாளம் கலந்து வரும். "நூற்று எண்பத்தெட்டு" என்றது எழுத்தில் 180 ஆகிவிட்டால், 500 கிலோவுக்கு 4,000 ரூபாய் தகராறு. அப்போது எழுத்து மட்டும் போதாது. மூல ஒலிதான் சான்று. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாகக் கொடுக்கத் தேவையான பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் கேட்பார்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு அது. விண்டோஸின் Command Prompt-இல், கோப்பு இருக்கும் இடத்திலிருந்து, அதை அன்றே எடுத்துக் குறித்து வையுங்கள்:

```
certutil -hashfile call.m4a SHA256
```

அப்புறம், பேச்சுவாக்கில் வரும் வங்கிக் கணக்கு எண், வீட்டு நோய் விவரம் போன்றவற்றை எழுத்துப் பிரதியில் மறைத்துவிடுங்கள். ஒலிக்கோப்பைத் தொடாதீர்கள், வெட்டினால் ஹாஷ் மாறிவிடும். கணக்குத் தீர்ந்து, தகராறும் இல்லையென்றால் இரண்டையும் சேர்த்தே அழியுங்கள்.