பின்தேதியிட்ட காசோலையை எந்த நாளில் வரவு வைப்பது?

"அண்ணா, வெளிநாட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறேன், கணக்குப் பிரிவில். வாடிக்கையாளர் இரண்டு மாதம் தள்ளித் தேதியிட்டுக் காசோலை கொடுக்கிறார். விற்பனை மேலாளர் அன்றைக்கே ரசீது போட்டு வரவு வைக்கச் சொல்கிறார். செய்யலாமா?"

தம்பி, ரசீது கொடு, வரவு வைக்காதே. இரண்டும் ஒன்றல்ல. வாடிக்கையாளருக்குத் தருவது ஒரு தாளைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி. அதில் காசோலை எண், வங்கி, தேதி, தொகை எழுதி, "வங்கியில் பணமான பிறகே செல்லும்" என்று ஒரு வரி சேர்த்துவிடு. வங்கிக் கணக்கில் எழுதும் பதிவோ பணம் வந்ததற்கு அடையாளம். காசோலையில் உள்ள தேதிக்கு முன்னால் அது வெறும் வாக்குறுதிதான்.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். அக்டோபர் 10 அன்று 40,000-க்குப் பில் போட்டாய், 30 நாள் கடன். நவம்பர் 5 அன்று அவர் ஜனவரி 20 தேதியிட்ட காசோலை தருகிறார். நிறுவனத்தின் கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. நவம்பரிலேயே வங்கிக்குப் பணம் வந்ததாக எழுதினால், ஆண்டு முடிவில் வங்கி இருப்பு 40,000 கூடுதலாகத் தெரியும். வங்கி அறிக்கையோடு ஒப்பிடும் தணிக்கையாளர் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்: இரண்டு மாதமாகச் சேராமல் நிற்கும் ஒரு வரவு.

சரியான வழி இரண்டு உண்டு. எளியது, பேரேட்டில் எதையும் தொடாமல் காசோலையைத் தனிப் பதிவேட்டில் மட்டும் குறித்துவைப்பது. 40,000 வாடிக்கையாளர் பெயரிலேயே நிலுவையாக நிற்கும். காசோலைகள் அதிகம் வரும் இடங்களில், 'கைவசமுள்ள பின்தேதியிட்ட காசோலைகள்' என்று ஒரு கணக்குத் தொடங்கி, அதைப் பற்று வைத்து வாடிக்கையாளரை வரவு வைப்பார்கள். அப்போதும் ஆண்டறிக்கையில் அந்தக் கணக்கு வர வேண்டிய பாக்கிகளோடுதான் சேரும்; ரொக்கம், வங்கிப் பக்கம் போகக் கூடாது. ஜனவரி 20 அன்று வங்கியில் போட்டதும் வங்கியைப் பற்று வைத்து அந்தக் கணக்கை, எளிய வழியானால் வாடிக்கையாளரின் கணக்கை, நேர் செய். வங்கி அறிக்கையில் பணம் ஏறும் வரை 'வசூலாகாதது' என்ற குறிப்பு இருக்கட்டும்.

ஆண்டுக் கணக்கை முடிப்பதற்குள் ஜனவரியில் பணம் வந்துவிட்டதே, டிசம்பரிலேயே காட்டலாமே என்று யாராவது கேட்பார்கள். கூடாது. பிறகு பணம் வந்தது, டிசம்பர் 31 அன்று அந்தப் பாக்கி வசூலாகக் கூடியதாக இருந்தது என்பதற்குச் சான்று. வாராக்கடனுக்கு ஒதுக்க வேண்டாம் என்று சொல்ல உதவும். அன்றைக்கு வங்கியில் பணம் இருந்ததாக ஆகாது.

இனி உன் மேலாளர் ஏன் அவசரப்படுகிறார் என்பதற்கு வருகிறேன். வரவு வைத்தவுடன் வாடிக்கையாளரின் கடன் வரம்பு முழுவதும் மீண்டும் திறந்துவிடும். மென்பொருள் அடுத்த சரக்குக்கு வழிவிடும். வரம்பு 50,000 என்றால், பணமாகாத 40,000 காசோலை ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொரு 50,000-க்குச் சரக்கு போய்விடும். முதல் காசோலை திரும்பினால் மொத்தமாக 90,000 சிக்கும். அதனால் கடன் வரம்பைப் பார்க்கும்போது பணமாகாத காசோலைகளையும் பாக்கியில் சேர்த்தே கூட்டு. இதை மேலாளரிடம் வாதமாக வைக்காதே. விசா நிறுவனத்தின் கையில் இருக்கும்போது புதியவனின் வாதம் எடுபடாது. 'பணமாகாத காசோலைகள்' என்ற ஒரு பத்தியோடு பாக்கிப் பட்டியலை வாரந்தோறும் நிதி மேலாளருக்கு அனுப்பு. முடிவை அவர் எடுக்கட்டும், எழுத்தில்.

டேலியில் வேலை செய்தால், ரசீதைப் பதியும்போது `Ctrl+T` அழுத்திப் பின்தேதி என்று குறிக்கலாம். காசோலைத் தேதி வரை அது கணக்கைப் பாதிக்காது. ஆனால் அந்தத் தேதி வந்ததும் தானாகவே கணக்கில் ஏறிவிடும். காசோலை உன் மேசை இழுப்பறையிலேயே கிடந்தாலும் சரி, வாடிக்கையாளர் 'ஒரு வாரம் பொறுங்கள்' என்று கேட்டிருந்தாலும் சரி. ஆகவே தினமும் காலையில் அன்றைய தேதியிட்ட காசோலைகளை எடுத்து, எது வங்கிக்குப் போகிறது, எது நிற்கிறது என்று பார். நிற்பதன் பதிவுத் தேதியை டேலியில் அன்றே மாற்று.

காசோலை திரும்பினால் பழைய பதிவை அழிக்காதே. திரும்பிய தேதியில் வங்கியை வரவு வைத்து, வாடிக்கையாளரை நேரடியாகப் பற்று வை. காசோலைக் கணக்குக்குத் திருப்பாதே, ஏனெனில் கையில் இப்போது செல்லுபடியாகும் காசோலை எதுவும் இல்லை. வங்கி பிடித்த கட்டணத்தைத் தனியாக எழுது. இங்கே பலர் கோட்டைவிடுவது பாக்கியின் வயதில். திரும்பிய நாளிலிருந்து புதிதாக எண்ணினால் ஜனவரியில் பிறந்த கடன்போலத் தெரியும். அது அக்டோபர் 10 பில்லோடு மீண்டும் இணைய வேண்டும். அப்போதுதான் அது நூறு நாளைத் தாண்டிய பாக்கி என்று பட்டியலில் வரும்.