நிறுத்தப்பட்ட பழைய மிக்ஸிக்குக் கப்ளரும் ஜாரும் பொருத்தம் பார்ப்பது எப்படி?

கேள்வி: "அம்மாவோட பழைய மிக்ஸியில் மோட்டார் நன்றாக ஓடுகிறது. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டது. கப்ளர், ஜார் எங்கே கிடைக்கும்? வேறு பிராண்டு சேருமா?"

சேரும். ஆனால் பிராண்டு பெயரைச் சொல்லித் தேடாமல், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பற்களுள்ள பழைய கப்ளரைக் கழற்றிக் கையோடு மிக்ஸி பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போங்கள். கார்பன் பிரஷ்ஷுக்கு அளவும் ஓவர்லோடு சுவிட்சுக்கு ஆம்பியரும் ஒத்தால் போதும், சுலபமாகக் கிடைத்துவிடும். நம்மை அலையவிடுவது கப்ளரும் ஜாரும்தான்.

தேவகோட்டையில் எங்கள் வீட்டு மிக்ஸியில் அப்பத்தா விரலி மஞ்சளை இடிக்காமல் முழுசாகப் போட்டு ஓட்டிவிட்டார். மோட்டார் சத்தம் வருகிறது, பிளேடு சுற்றவில்லை. ஜாரைத் தூக்கினால் ரப்பர் கருகிய வாசனை, சுற்றிலும் கறுப்புத் தூள். கப்ளரின் பற்கள் மழுங்கியிருந்தன.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் மோட்டார் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, பிளேடு சுற்றும் திசையிலேயே கப்ளரைத் திருப்பினால் கழலும். ஓடும்போது இறுகிக்கொள்ளும்படி மரை வெட்டியிருப்பார்கள். எதிர்த் திசையில் முறுக்கினால் இன்னும் இறுகும்.

காரைக்குடியில் ஒரு கடையில் பற்களின் எண்ணிக்கையும் நடுத்துளை மரையும் ஒத்துப்போன ஒன்றைத் தந்தார்கள். ஜாரும் ஒழுங்காக உட்கார்ந்தது. இரண்டே நாளில் அதுவும் மழுங்கியது! பழையதோடு ஒட்டிவைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உயரம் ஒரு நூல் குறைவு. பற்கள் நுனியில் மட்டும் கவ்வி வழுக்கியிருக்கின்றன.

அதன்பிறகு கடைக்காரர் சொன்ன வழி இது. பள்ளமுள்ள கப்ளருக்குள் பாலித்தீன் துண்டு விரித்து, கொஞ்சம் சப்பாத்தி மாவு வைத்து, ஜாரை மாட்டி எடுங்கள். ஓட்டக் கூடாது. பள்ளத்தின் அடியில் மாவு தடிமனாகத் தங்கினால் கப்ளர் குட்டை. காகிதம்போல நசுங்கி, ஜாரும் ஆடினால் நெட்டை. ஜார் மிக்ஸியின் மேல் உட்காராமல் கப்ளரின் மேல் நிற்கிறது. மெல்லிய தோசை அளவுக்கு இருந்தால் சரி. மோட்டார் கப்ளர், ஜார் கப்ளர் இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்று பழையதாக இருந்தால் புதியதையும் சீக்கிரம் தின்றுவிடும்.

ஜாரே வேண்டுமென்றால் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போவதுதான் நல்லது. ஜாரின் அடிவளையம் மிக்ஸியின் காடிகளில் ஆடாமல் உட்கார்ந்தால், பிராண்டு எதுவானாலும் கப்ளர் ஜோடியை மாற்றிச் சமாளிக்கலாம். அடிவளையமே உட்காராவிட்டால் அந்த ஜாரை விட்டுவிடுங்கள். நாங்கள் வேறு பிராண்டு சின்ன ஜாரை இப்படித்தான் சேர்த்தோம். சோம்பும் மிளகும் இன்றும் அதில்தான் அரைபடுகின்றன.

அப்புறம், வாங்கும் முன் மோட்டார் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அதை முதலில் மாற்றாமல் எந்தக் கப்ளர் போட்டாலும் நிற்காது.