காய்ச்சல் போய்விட்டது, மீதி கேப்சூலை என்ன செய்வது?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 9 வயது, 24 கிலோ. தொண்டைவலியும் காய்ச்சலும் இருந்தது. டாக்டர் தொண்டையில் பஞ்சு வைத்துச் சோதித்துவிட்டு ஸ்ட்ரெப் கிருமி என்று சொல்லி, அமாக்சிசிலின் 500 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று, 10 நாளைக்கு 20 கேப்சூல் எழுதினார். திங்கள் இரவு ஆரம்பித்தோம். புதன்கிழமையே காய்ச்சல் இல்லை, நன்றாக விளையாடுகிறான். வியாழன் இரவு கொடுக்க மறந்துவிட்டேன், வெள்ளி காலை 7 மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. இப்போது இரண்டாகக் கொடுக்கலாமா? இல்லை, குணமாகிவிட்டதால் நிறுத்திவிட்டு மீதியை மூத்தவளுக்கு வைத்துக்கொள்ளலாமா, அவளுக்கும் இருமல் இருக்கிறது. மருந்துக்கடையில் நிறுத்தலாம் என்கிறார்கள். (யாங்கோன் வாசகி)

பதில்: வெள்ளி காலைக்கு ஒரே ஒரு கேப்சூல் போதும். நிறுத்த வேண்டாம். மூத்தவள் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த இரட்டை டோஸ். அமாக்சிசிலின் உடம்பில் ரொம்ப நேரம் தங்காத மருந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிக்கொண்டே போகும். இரண்டு கேப்சூலைச் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரண்டு மடங்காகும், ஆனால் அந்தக் கூடுதல் பாதி கரைய ஒரு மணி நேரம்தான் ஆகும், அதாவது ஒரு கேப்சூலை வீணாக்கி நீங்கள் வாங்குவது சுமார் ஒரு மணி நேரப் பாதுகாப்பு. இந்த வகை மருந்துக்கு எவ்வளவு உயரத்துக்கு ஏறியது என்பதைவிட எவ்வளவு நேரம் இருந்தது என்பதுதான் கணக்கு. இரட்டிப்பாகக் கொடுத்தால் பையனுக்கு வயிறுதான் கலக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம், ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்ததை வழக்கமான நேரத்தில் கொடுங்கள்.

காலை 8, இரவு 8 என்று வைத்துக்கொள்வோம். இரவு டோஸ் 11 மணிக்கு ஞாபகம் வந்தால் அப்போதே எழுப்பிக் கொடுக்கலாம், காலையில் 8 மணிக்கே அடுத்தது. உங்களைப் போல விடிந்த பிறகு ஞாபகம் வந்தால், அடுத்த வேளை நெருங்கிவிட்டது, விட்டதை விட்டுவிடுங்கள். நடுவில் எங்கோ ஞாபகம் வந்தால், அடுத்த வேளைக்குப் பாதி இடைவெளியாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கொடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை மருந்துக்கான கணக்கு இது. மூன்று வேளை மருந்தில் இடைவெளியே எட்டு மணி நேரம்தான் என்பதால் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டிவரும்.

விட்ட கேப்சூலைத் தூக்கிப் போட வேண்டாம். எண்ணிப் பாருங்கள்: வியாழன் காலை வரை 6 போயிருக்கும், கையில் 14 இருக்க வேண்டும். மறக்காமல் இருந்திருந்தால் அடுத்த வியாழன் காலையோடு முடிந்திருக்கும், இப்போது வியாழன் இரவு முடியும். ஒரு வேளை தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். எண்ணிக்கை இதற்கு ஒத்துவரவில்லை என்றால் வேறு ஒரு வேளையும் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

சரி, மூன்றாம் நாளே குணமாகிவிட்டதே, எதற்கு இன்னும் ஏழு நாள்? இதுதான் நல்ல கேள்வி. மருந்தே கொடுக்காமல் இருந்திருந்தாலும் ஸ்ட்ரெப் தொண்டைவலி மூன்று முதல் ஐந்து நாளில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். அதனால் காய்ச்சல் இறங்கியதை வைத்துக் கிருமி போய்விட்டது என்று சொல்ல வழியில்லை, தொண்டையில் அது இன்னும் உட்கார்ந்திருக்கலாம். 10 நாள் என்பது தொண்டைக்காக இல்லை, இதயத்துக்காக. இந்தக் கிருமி தொண்டையில் தங்கினால், உடம்பு அதை எதிர்க்கத் தயாரிக்கும் ஆயுதங்கள் சில பிள்ளைகளுக்கு அவர்களுடைய மூட்டையும் இதய வால்வையும்கூடத் தாக்கிவிடும், வாதக் காய்ச்சல் என்பது இதுதான். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள், தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து வரும், அதற்குள் தொண்டைவலி வந்ததையே வீட்டில் மறந்திருப்பார்கள். பென்சிலின் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்று 1950-ல் அமெரிக்க விமானப்படை முகாம் ஒன்றில் வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது.

நான் பார்த்த ஒரு பையனை இன்னும் மறக்கவில்லை. அப்பா தோளில் தூக்கி வந்தார், முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை, இரண்டு நாள் முன்பு வலி கணுக்காலில் இருந்ததாம். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இதயத்தில் முன்பு இல்லாத ஓர் உஸ் என்ற இரைச்சல். முன்னாடி தொண்டைவலி வந்ததா என்று கேட்டதும் அம்மா கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார், நான்கு நாளோடு நிறுத்தியிருந்தார்கள், மீதிக் கேப்சூல்கள் முருகன் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தனவாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தினால் கிருமி பழகிவிடும் என்று நாங்கள் டாக்டர்கள் பல வருஷம் பயமுறுத்தியிருக்கிறோம். அது எல்லா நோய்க்கும் பொருந்தாது. தேவைக்கு மேல் நீட்டினால்தான் குடலில் இருக்கும் மற்ற கிருமிகள் பழகுகின்றன என்பதால் இப்போது பல நோய்களுக்கு நாட்களைக் குறைத்துவிட்டார்கள், பெரியவர்களின் சாதாரண நிமோனியாவுக்குப் பல சமயம் 5 நாளே போதும். ஸ்ட்ரெப் தொண்டைக்கு, அதிலும் வாதக் காய்ச்சல் இன்னும் வரும் ஊர்களில், 10 நாள் நிற்கிறது. காசநோயில் இன்னும் கண்டிப்பு. ஆகவே எத்தனை நாள் என்பதை எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் இல்லை. நம் ஊரில் அட்டையை வெட்டி நாலு மாத்திரையாகக்கூடக் கொடுத்துவிடுவார்கள், அதைச் சிகிச்சை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மறக்காமல் இருக்க, காலையில் பையன் முகத்தில் தனக்கா பூசும் இடத்திலேயே அட்டையை வையுங்கள், இரவுக்குப் பல் துலக்கும் இடம். சாப்பிடும் முன்னா பின்னா என்று கவலைப்பட வேண்டாம், மொஹிங்காவோடும் கொடுக்கலாம். அப்படியும் இரண்டு மூன்று நாள் முழுசாக விட்டுப்போனால் நீங்களே கணக்குப் போடாமல் டாக்டரிடம் போங்கள். பென்சாத்தீன் பென்சிலின் ஊசி ஒன்று இருக்கிறது, 27 கிலோவுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 6 லட்சம் யூனிட் ஒரே தடவை. வலிக்கும், ஆனால் 20 கேப்சூலின் வேலையைச் செய்யும்.

நிறுத்த வேண்டிய நேரமும் உண்டு. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அடுத்த கேப்சூல் கிடையாது, உடனே ஆஸ்பத்திரி. லேசாக வயிறு இளகினால் தொடரலாம், மலத்தில் ரத்தம் கண்டால் காட்டுங்கள். மருந்து முடிந்த பிறகு மூட்டு மாற்றி மூட்டு வலித்தாலோ, நடந்தால் மூச்சிரைத்தாலோ, கை கால் தானாகத் துள்ளினாலோ அப்போதும் காட்டுங்கள்.

அப்புறம் மூத்தவள். இருமலும் மூக்கொழுகலும் என்றால் பெரும்பாலும் வைரஸ், இந்தக் கேப்சூலுக்கு அங்கே வேலையில்லை. இருமல் இல்லாமல் காய்ச்சலும் விழுங்க முடியாத தொண்டைவலியும் வந்தால் அவளையும் அழைத்துப் போய்த் தொண்டையைக் காட்டுங்கள். தம்பியின் 14-ல் கை வைக்க வேண்டாம், அவனுக்கே சரியாகத்தான் இருக்கிறது.