வாஷ்பேசின் ஓரத்து சிலிக்கான் ஏன் மறுபடி உரியுது?

"வாஷ்பேசின் சுத்தி க்ரௌட் கருத்துப் போச்சு, சிலிக்கானும் உரியுது. மேலயே இன்னொரு கோட் போட்டா நிக்குமாங்க?"

நிக்காதுங்க. புது சிலிக்கான் பழைய சிலிக்கான் மேல பிடிக்காது, ஓரம் சீக்கிரமே தூக்கிக்கும். பல்லடத்துல எங்க வீட்டுல அதுதான் ஆச்சு. பிளேடால முழுசா அறுத்தெடுத்துப் பார்த்தா, அடியில போர் தண்ணி உப்பு வெள்ளையா பொருக்குத் தட்டிக் கிடந்துச்சு. அதுவும் பிடிப்பைக் கெடுக்கும். வினிகர்ல நனைச்ச துணியைக் கால் மணி நேரம் போட்டு, தேய்ச்சுக் கழுவுங்க. மார்பிள்னா வினிகர் வேண்டாம். பிளீச்சிங்கோட சேர்த்துடாதீங்க, விஷவாயு வரும். விரல்ல தடவுறப்ப ரப்பர் மாதிரி இழுத்துச்சுன்னா பழைய படலம் இன்னும் இருக்குன்னு அர்த்தம்.

டைல்ஸ் நடுவுல கருத்த க்ரௌட்டை 2 மி.மீ. ஆழம் சுரண்டிட்டு புதுசு நிரப்பி, ஒரு நாள் காய விடுங்க. பேசினும் சுவரும் சேர்ற இடுக்குல மட்டும் க்ரௌட் வேண்டாம். பேசின் லேசா அசைஞ்சாலே விரிசல் விட்டுடும், அங்க சிலிக்கான்தான். இடுக்கை நல்லா உலர்த்தி, ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பூஞ்சை பிடிக்காத சானிட்டரி சிலிக்கானை ஒரே இழுப்பா விடுங்க. சோப்புத் தண்ணி தொட்ட விரலால ஒரு தடவை நீவி, மேல ஆடை கட்டுறதுக்குள்ள டேப்பை உரிச்சுடணும். 24 மணி நேரம் தண்ணி படக்கூடாதுங்க.