டீசல் காரில் ஆயில் அளவு ஏறுகிறது: செலவு யாருடையது?

கேள்வி: 2022-இல் வாங்கிய பி.எஸ்.6 டீசல் கார், 1.5 லிட்டர் எஞ்சின். கோவையில் வீட்டிலிருந்து அலுவலகம் நான்கு கிலோமீட்டர்; வாரத்தில் ஆறு நாளும் அந்த ஓட்டம்தான். சர்வீஸ் முடிந்தபோது டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டில் இருந்த ஆயில், ஐந்து மாதத்தில் கோட்டுக்கு மேல் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. 'நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம். ஆயில் மாற்ற ஏழாயிரம் ஆகும், வாரண்டியில் வராது' என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். நீட்டித்த வாரண்டி நடப்பில் இருக்கிறது. நான் பணம் கட்டத்தான் வேண்டுமா?

பதில்: ஆயிலுக்கான பணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கலாம்; ஆனால், ஆயில் ஏன் ஏறியது என்பதை எழுத்தில் வாங்காமல் கட்டாதீர்கள். அதுவரை காரை ஓட்டவும் வேண்டாம். அளவு மீறிய ஆயில், கிராங்க் அறையின் காற்றுக் குழாய் வழியாக உறிஞ்சப்பட்டு எஞ்சினுக்குள்ளேயே எரிபொருளாக எரியத் தொடங்கினால், சாவியைத் திருப்பி அணைத்தாலும் எஞ்சின் நிற்காமல் வேகமெடுக்கும். இது அரிதாகத்தான் நிகழும் என்றாலும், நிகழ்ந்துவிட்டால் எஞ்சினைக் காப்பாற்றுவது கடினம்.

ஏறியிருப்பது ஆயில் அன்று, பெரும்பாலும் டீசல். உங்கள் காரின் புகைக்குழாயில் உள்ள டி.பி.எஃப். என்னும் வடிகட்டி கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, அந்த வடிகட்டியை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, சேர்ந்த கரியை எஞ்சின் எரித்துவிடும். இதற்குத்தான் ரீஜெனரேஷன் என்று பெயர். அந்தச் சூட்டை உண்டாக்க, சிலிண்டரில் எரிதல் முடிந்த பிறகு இன்ஜெக்டர் இன்னும் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சுகிறது. அது புகையோடு வெளியேறி, வடிகட்டிக்கு முன்னால் உள்ள கேட்டலிஸ்டில் எரிய வேண்டும். ஆனால், பிஸ்டன் கீழே இறங்கியிருக்கும் அந்த நேரத்தில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் பட்டு, பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் வழிந்துவிடும். பெட்ரோலாக இருந்தால் ஆயிலின் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும். 180 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும் டீசல், நூறு டிகிரியை ஒட்டிய ஆயிலில் அப்படியே தங்கிவிடுகிறது.

ஒரு ரீஜெனரேஷன் முடிய, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் பத்து முதல் இருபது நிமிடம் தொடர்ந்த ஓட்டம் தேவை. நான்கு கிலோமீட்டரில் எஞ்சின் சூடாவதற்குள்ளேயே அலுவலகம் வந்துவிடுகிறது. தொடங்கிய ரீஜெனரேஷன் பாதியில் அறுபட்டு, கரி எரியாமல் கிடக்க, அடுத்த வாய்ப்பில் எஞ்சின் மறுபடி முயல்கிறது. ஒவ்வொரு முயற்சியும் சம்ப்புக்குக் கொஞ்சம் டீசலை அனுப்புகிறது. நிறுத்தும்போது ஐட்லிங் வேகம் வழக்கத்தைவிடக் கூடியிருந்ததும், அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததும், கருகிய சூட்டு வாடை வந்ததும் உங்கள் நினைவுக்கு வந்தால், அவை அறுபட்ட ரீஜெனரேஷனின் அடையாளங்கள்.

கலப்பின் அளவை வீட்டிலேயே தோராயமாகக் கணக்கிடலாம். சமதளத்தில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். கையேட்டில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே ஒரு லிட்டர் என்று இருந்து, அந்த இடைவெளி இரண்டு சென்டிமீட்டராக இருந்தால், ஒன்றரை சென்டிமீட்டர் என்பது முக்கால் லிட்டர். சம்ப்பின் கொள்ளளவு ஐந்து லிட்டர் என்றால், இப்போதுள்ள ஐந்தே முக்கால் லிட்டரில் ஏறத்தாழ 13 சதவீதம் டீசல். இடையில் எஞ்சின் கொஞ்சம் ஆயிலைக் குடித்திருந்தால் உண்மைக் கலப்பு இதைவிட அதிகம். இந்த அளவில் ஆயிலின் பிசுபிசுப்பு வெகுவாகக் குறைந்து, டர்போவின் பேரிங்கும் கிராங்க் பேரிங்கும்தான் முதலில் தேயும். மேலே நிற்பதை உறிஞ்சி எடுத்துவிட்டால் போதும் என்று மெக்கானிக் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அளவு சரியாகுமே தவிர, மிச்சமிருப்பதும் அதே கலப்படம்தான்.

இனி பணத்தின் கணக்கு. உங்கள் ஓட்டத்தைப் பார்த்தால் சர்வீஸ் சென்டர் சொல்வது உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பல நிறுவனங்களின் கையேட்டிலும் குறுந்தூர ஓட்டம் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. ஆயில் தேய்மானப் பொருள் என்பதால் நீட்டித்த வாரண்டி பொதுவாக அதைத் தொடாது. ஆனால், கசியும் இன்ஜெக்டர், பழுதான வெப்ப சென்சார், வடிகட்டியின் அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சார் ஆகியவற்றில் எது கெட்டாலும் டிப்ஸ்டிக் இதே மாதிரிதான் ஏறும். அவை வாரண்டிக்குள் வரக்கூடிய குறைகள். டிப்ஸ்டிக்கை மட்டும் பார்த்து யாராலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துக் காட்டக்கூடியது காரின் கணினியில் இருக்கிறது. சர்வீஸ் சென்டரின் ஸ்கேன் கருவியில் கடைசியாக முழுமையடைந்த ரீஜெனரேஷனுக்குப் பிறகு ஓடிய தூரம், அறுபட்டவற்றின் எண்ணிக்கை, வடிகட்டியில் இப்போதுள்ள கரியின் அளவு, ஒவ்வொரு சிலிண்டரிலும் இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசலைக் கணினி எவ்வளவு கூட்டிக் குறைத்துத் திருத்துகிறது என்ற அளவுகள், பதிவான கோளாறுக் குறியீடுகள் ஆகியவற்றைப் பெரும்பாலான மாடல்களில் பார்க்க முடியும். இவற்றை அச்சிட்டுத் தரும்படி ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அறுபட்டவை வரிசையாக இருந்து, மற்றவை சரியாக இருந்தால், செலவு உங்களுடையது. நெடுந்தூரம் ஓடிய நாள்களிலும் ரீஜெனரேஷன் முடியவில்லை என்றாலோ, ஒரு சிலிண்டரின் திருத்தம் மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகியிருந்தாலோ, பழுதான பாகத்தோடு ஆயில் செலவையும் சேர்த்துக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆயில் மூடியின் உட்புறம் பால் நிறத்தில் இருந்து, கூலன்ட் அளவும் குறைந்துவந்தால், கலந்திருப்பது டீசலே அன்று. அது வேறு பழுது.

ஆயிலை மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றி, கையேட்டில் குறித்துள்ள தரத்தில், சாம்பல் குறைவான ஆயிலையே ஊற்றச் சொல்லுங்கள். சாதாரண ஆயிலின் சாம்பலை எந்த ரீஜெனரேஷனும் எரிக்காது. காரின் கணினியில் ஆயில் கலப்புக் கணக்கு இருந்தால் அதையும் ஸ்கேன் கருவியால் பூஜ்யமாக்க வேண்டும். மறந்துவிட்டால் புது ஆயிலுக்கும் எச்சரிக்கை விளக்கு எரியும். நின்ற இடத்திலேயே ரீஜெனரேஷன் செய்ய வேண்டும் என்று அவர்கள் சொன்னால், அதிகமுள்ள ஆயிலை வடித்த பிறகுதான் அதைத் தொடங்க வேண்டும். அந்த வேலையும் டீசலைச் சம்ப்புக்கு அனுப்பும் என்பதால், முடிந்ததும் டிப்ஸ்டிக்கை உங்கள் முன்னிலையில் பார்க்கச் சொல்லி, ஓடோமீட்டருடன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை தர மறுத்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பழைய ஆயிலை வடிக்கும்போது சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் கேட்டு வாங்கி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி மூடி வையுங்கள். அதைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, எரிபொருள் கலப்பு சதவீதத்தையும் 100 டிகிரியில் பிசுபிசுப்பையும் பார்க்கச் சொன்னால், வாய்வாதத்தைவிட அந்த அறிக்கைக்கு ஆணையத்தில் எடை அதிகம்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை சேலம் நெடுஞ்சாலையில் அவிநாசி தாண்டிப் போய்த் திரும்பும் அளவுக்காவது, எஞ்சின் 2,000 சுற்றுக்குக் கீழே இறங்காத கியரில் ஓட்டிப் பாருங்கள். அதைச் செய்தும் இரண்டு மாதத்தில் ஆயில் மறுபடி ஏறினால், ஓட்டும் விதத்தின் மேல் பழிபோட இடமில்லை. அந்த இரண்டாவது அளவோடு வாரண்டி கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.