டொமைனோடு இருக்கும் கம்பெனி மின்னஞ்சலை நிறுத்தினால் பழைய மின்னஞ்சல்கள் போய்விடுமா?

கேள்வி: பினாங்கில் சின்ன கம்பெனி நடத்துகிறோம். எங்கள் டொமைன் பெயரிலேயே மின்னஞ்சல் ஹோஸ்டிங் இருக்கிறது. வருடக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை, நிறுத்திவிடலாம் என்று இருக்கிறோம். பழைய மின்னஞ்சல்கள் எல்லாம் என்ன ஆகும்?

பதில்:

நிறுத்துவதற்கு முன் எல்லாவற்றையும் நகலெடுத்து, அந்த நகலை இணையம் இல்லாமல் திறந்து பார்த்துவிட்டால் ஒன்றும் போகாது. திறந்து பார்ப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் என் மாமா துணி மொத்த வியாபாரம் செய்கிறார். போன வருடம் அவருடைய மின்னஞ்சல் ஹோஸ்டிங்கை நிறுத்தும் வேலையை நான்தான் செய்து கொடுத்தேன். மூன்று கணக்குகள், சேர்த்து 11 ஜிபி. "எல்லாம் என் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது, அவுட்லுக்கைத் திறந்தால் தெரிகிறதே" என்றார் மாமா. அங்கே தெரிந்தது சர்வரில் இருப்பதன் நிழல்தான். ஐமேப் முறையில் இணைத்த கணக்கில் அசல் சர்வரில் இருக்கும். அவுட்லுக் அதற்காகக் கணினியில் வைத்திருக்கும் `.ost` கோப்பு அந்தக் கணக்கோடு கட்டப்பட்டது. கணக்கை நீக்கிவிட்டால் அந்தக் கோப்பைத் தனியாகத் திறக்க முடியாது. பாப் முறையாக இருந்தால் கதை தலைகீழ்: பழைய மின்னஞ்சல்கள் சர்வரில் இல்லாமல், அந்த ஒரே கணினியில் மட்டும் கிடக்கலாம். உங்களுடையது எது என்று கணக்கின் அமைப்புகளில் IMAP அல்லது POP என்று எழுதியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

ஐமேப் என்றால் தண்டர்பேர்ட் போதும், இலவசம். கணக்கைச் சேர்த்ததும் அதன் அமைப்புகளில் Synchronization & Storage பக்கத்துக்குப் போய், எல்லாக் கோப்புறைகளையும், எவ்வளவு பழையதானாலும், கணினியில் வைத்திருக்கச் சொல்லுங்கள். இதைச் சரியாக வைக்காவிட்டால் பழையவற்றில் தலைப்பு மட்டும் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. முழுவதும் இறங்கிய பிறகு ஒவ்வொரு கோப்புறையாக Local Folders என்ற பகுதிக்கு நகலெடுங்கள். Copy To மட்டும்தான், Move To வேண்டாம். நகர்த்தினால் சர்வரில் இருப்பது அழிந்துவிடும், பாதியில் இணைப்பு அறுந்தால் எது எங்கே போனது என்று தேட வேண்டிவரும். பெரிய கோப்புறை என்றால் வருடவாரியாகப் பிரித்து நகலெடுப்பது நல்லது.

மாமாவின் நகலை முடித்தபோது ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பக்கம் 11 ஜிபி என்றது, எங்கள் கையில் இருந்தது 9 ஜிபி. மீதி எங்கே? அதே நேரத்தில் மாமாவும் "திருப்பூர் ஆட்களோட கடிதங்களைக் காணோமே" என்றார். பல வருடங்களுக்கு முன் கடையில் இருந்த கணக்கர் வேறு ஒரு மென்பொருளில் திருப்பூர் என்று ஒரு கோப்புறை உண்டாக்கி, சப்ளையர்களின் பில்களை அதில் போட்டுவைத்திருந்தார். ஐமேப்பில் ஒவ்வொரு கோப்புறைக்கும் 'சப்ஸ்க்ரைப்' என்று ஒரு குறி உண்டு. குறி இல்லாத கோப்புறையைத் தண்டர்பேர்ட் காட்டாது, பல வெப்மெயில்களும் பக்கப் பட்டியலில் காட்டாது. தண்டர்பேர்டில் கணக்கின் மேல் வலது சொடுக்கி Subscribe என்பதைத் திறந்தோம். அங்கே திருப்பூர் குறியில்லாமல் நின்றது. குறியிட்டதும் 2,340 மின்னஞ்சல்கள் வந்தன. மலேசியாவில் வருமான வரிக்கான பதிவுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும். அந்தக் கோப்புறை போயிருந்தால் மாமா என்ன பாடுபட்டிருப்பார் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

அதனால் முதலில் Subscribe பட்டியலில் எல்லாவற்றையும் குறியிட்டுவிட்டு, ஒவ்வொரு கோப்புறையின் எண்ணிக்கையையும் வெப்மெயிலிலும் உங்கள் நகலிலும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அனுப்பியவை கோப்புறையை மறக்க வேண்டாம். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, Local Folders-இல் இருந்து மிகப் பழைய வருடத்து மின்னஞ்சல்கள் நாலைந்தை, அவற்றில் இணைத்திருக்கும் கோப்புகளோடு திறந்து பாருங்கள். பிடிஎஃப் திறந்தால் நகல் உண்மையானது.

அந்த நகல் தண்டர்பேர்டின் ப்ரொஃபைல் கோப்புறைக்குள், Mail, அதற்குள் Local Folders என்ற இடத்தில் இருக்கும். பின்னொட்டு இல்லாத பெரிய கோப்புகள்தான் மின்னஞ்சல்கள். `.msf` என்று முடிபவை வெறும் அட்டவணை, அவற்றை மட்டும் எடுத்துவைத்துப் பயனில்லை. தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்தக் கோப்புறை முழுவதையும் இரண்டு வெளி டிஸ்க்குகளில் போடுங்கள். பழைய பென்டிரைவ் FAT32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. exFAT-ஆக மாற்றிவிட்டுப் போடுங்கள்.

சரி, பழையது கைக்கு வந்துவிட்டது. புதிதாக வருவதை எங்கே அனுப்புவது? மாமா டொமைனையும் இணையதளத்தையும் அதே ஹோஸ்டிங் கம்பெனியிடம் வைத்துக்கொண்டார், மின்னஞ்சல் திட்டத்தை மட்டும் நிறுத்தினார். வரும் மின்னஞ்சலை ஒரு ஃபார்வர்டிங் சேவை வழியாக ஜிமெயிலுக்குத் திருப்பினோம். அதற்கு, டொமைனுக்கு வரும் அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்ற வேண்டும். மாறியதா என்று கமாண்ட் ப்ராம்ப்டில் இப்படிப் பார்க்கலாம், டொமைனை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

```
nslookup -type=mx example.com.my
```

இதில் புதிய சர்வரின் பெயர் வந்தாலும் உடனே பழையதை நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் இரண்டும் ஓடட்டும். எங்களுக்கு அந்த இரண்டு வாரம்தான் கைகொடுத்தது. ஜிமெயிலிலிருந்து சோதனைக்கு அனுப்பியது வந்து சேர்ந்தது, ஆனால் இணையதளப் படிவத்தில் வாடிக்கையாளர் எழுதியது நாலு நாளாக வரவில்லை. படிவம் இருந்த சர்வர், இந்த டொமைனின் அஞ்சல் இன்னும் தன்னிடமே இருக்கிறது என்று நம்பி, எம்எக்ஸைப் பார்க்காமலே பழைய பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தது. சிபேனல் என்ற ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் Email Routing பகுதியில் Remote Mail Exchanger என்று மாற்றியதும் சரியானது. நாலு நாள் விசாரணைகளும் பழைய பெட்டியில் பத்திரமாக இருந்தன.

இந்த இரண்டு வாரத்தில், அந்த முகவரியை வைத்து எங்கெல்லாம் உள்நுழைகிறீர்கள் என்று தேடி மாற்றுங்கள்: வங்கி, வருமான வரி, கூரியர், டிஎன்பி பில். பழைய நகலில் password, verify, OTP என்று தேடினாலே பட்டியல் கிடைத்துவிடும். கடைசி நாளில் பழைய பெட்டிக்குப் புதிதாக வந்திருப்பதை இன்னொரு முறை நகலெடுங்கள்.

ரத்துக் கடிதத்தில் "மின்னஞ்சல் சேவை மட்டும், டொமைன் தொடரட்டும்" என்று தெளிவாக எழுதுங்கள். சில ஹோஸ்டிங் கம்பெனிகளில் இரண்டும் ஒரே பில்லில் இருக்கும். டொமைன் காலாவதியாகி வேறொருவர் அதை வாங்கிவிட்டால், உங்கள் பழைய முகவரிக்கு வரும் கடவுச்சொல் மாற்றும் கடிதங்கள்கூட அவருக்குப் போகும். இன்னொன்று, டொமைன் புதுப்பிப்பு நினைவூட்டல் எந்த முகவரிக்கு வருகிறது என்று பாருங்கள். மாமாவுக்கு அது நாங்கள் மூடவிருந்த அதே பெட்டிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. ரத்துக் கடிதம் அனுப்புவதற்கு முதல் நாள் அதை என் அத்தையின் ஜிமெயிலுக்கு மாற்றினோம்.